‘என்கிற’ என்ற சொல்லை எங்கே எழுதுவது?

பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே கதையும் கவிதையும் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களே,

ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்கு வந்து, சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நோட்டைத் திறக்கிறவர்கள் நீங்கள். நானும் அப்படித் தொடங்கியவள்தான். செக்கிங் டேபிளில் பதினாறு வருசம் நின்றிருக்கிறேன். எழுத ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அக்கா, என்ன பேரு வெச்சுக்கட்டுங்க?” கயல், நிலா, யாழினி, வெண்பா என்று நாலைந்து பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதியும் கொண்டுவருகிறார்கள். பெயர் அழகாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தப் பெயரையும் உங்கள் ஆதார் பெயரையும் பத்து வருசம் தனித்தனியாக வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

கிரயப் பத்திரத்திலும் கோர்ட்டு நோட்டீசிலும் ஒரு சொல் வரும். ‘மணி என்கிற சுப்பிரமணி’. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கட்டிப்போடுகிற சொல் அது. புனைபெயரில் எழுதுகிறவருக்கு அந்த ‘என்கிற’ இரண்டு விதத்தில் ஆபத்து. எல்லா இடத்திலும் எழுதிவைத்தால் ஒளிவதற்கு இடமில்லை. எங்கேயுமே எழுதாமல் விட்டால், ஒரு நாள் உங்கள் புத்தகம் உங்களுடையது என்று சொல்லக்கூட வழியிருக்காது. எங்கே எழுதுவது, எங்கே எழுதக் கூடாது என்பதைத்தான் எனக்குத் தெரிந்த வரையில் சொல்லப்போகிறேன்.

முதலில் நான் மாட்டிக்கொண்ட கதை. கம்பெனியின் பெயர் வேண்டாம்.

தையல் மிசினில் ஊசி உடைந்தால் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உடைந்த துண்டு முழுவதையும் தேடி எடுத்து, ஊசி ரிஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதியும் மிசின் நம்பரும் எழுதி, அதற்குப் பிறகுதான் புது ஊசி வாங்கலாம். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டல் நகரக் கூடாது. குழந்தை போடுகிற சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த முறை அது. ஒரு ராத்திரி, ஏற்றுமதி லாரி வாசலில் நிற்க, ஒரு ஓவர்லாக் மிசினில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் பழைய டப்பாவிலிருந்து வேறு ஊசியின் முனையை எடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். லாரி போனது.

எனக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை. அதைக் கதையாக எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். புனைபெயர் போட்டேன். ஊர் பெயர் போடவில்லை. கம்பெனி பெயரை மாற்றினேன். கதை வந்த மறு மாதமே சூப்பர்வைசர் என் டேபிளுக்கு வந்து, சத்தமில்லாமல் கேட்டார்: “ஏனுங்க, அந்த ஊசிக் கதை நீங்க எழுதுனதுங்களா?”

எப்படித் தெரிந்தது என்று வெகுநாள் யோசித்தேன். பெயர் காட்டிக்கொடுக்கவில்லை, அது யாருக்கும் தெரியாது. கதையில் மூன்றாவது துண்டு என்று எழுதியிருந்தேன். கிளிப்பச்சைக் கலர் குழந்தைச் சட்டை என்றும், கழுத்துப் பட்டையில் வெள்ளை நூல் ஓடியது என்றும் எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். ஒருவர் சூப்பர்வைசர். ஒருவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தைத்தவர் தானே தன்னைப் பற்றி எழுதமாட்டார். மிச்சம் இரண்டு பேர். மதிய இடைவேளையில் புத்தகம் வாசிக்கிறவள் அதில் நான் ஒருத்திதான். அடுத்த சனிக்கிழமை வாரச் சம்பளத்தோடு கணக்கும் முடிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. உங்களைத் தேடுகிறவர் பெயர்ப் பட்டியலைப் பார்க்கமாட்டார். ‘இது யாருக்கெல்லாம் தெரியும்’ என்று விரலை மடக்கி எண்ணுவார். அதனால் அனுப்புவதற்கு முன் நீங்களே எண்ணுங்கள். உங்கள் கதையில் வருகிற சங்கதி எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்து என்றால் புனைபெயர் வெறும் காகிதம். ஐந்நூறு பேருக்குத் தெரிந்ததாக அதை மாற்றவேண்டும். சட்டையை டிரவுசராக்கலாம். ஓவர்லாக்கைப் பட்டன் மிசினாக்கலாம். ராத்திரியை மத்தியானமாக்கலாம். இரண்டு கம்பெனியில் நடந்ததை ஒன்றாகக் கோக்கலாம். ஒரு வருசம் பெட்டிக்குள் வைத்துவிட்டு அனுப்பலாம். ஊசிமுனை காணாமல் போனதும், வேறு முனையை ஒட்டியதும், அன்றிரவு ஒருத்திக்குத் தூக்கம் வராததும் மட்டும் மாறக் கூடாது. கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கதைக்கு இந்த வழி பொருந்தும். நடந்ததை நடந்தபடியே சொல்லவேண்டிய கட்டுரைக்கு, புகாருக்குப் பொருந்தாது. அங்கே தேதியையும் அளவையும் மாற்றினால் அது பொய். அப்படிப்பட்டதைப் புனைபெயரில் தனியாக எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். சங்கம் வழியாகவோ, பெயரைக் காப்பாற்றத் தெரிந்த நிருபர் வழியாகவோ கொண்டுபோங்கள்.

அடுத்து, யாரிடமிருந்து ஒளியவேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். ‘எல்லாரிடமிருந்தும்’ என்று சொல்லாதீர்கள். அது யாராலும் முடியாது. தமிழில் எழுதியவர்களைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு.

சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அவர் யாரிடமிருந்தும் ஒளியவில்லை; பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்க்கிறவர்தான் சுஜாதா என்று வாசகர்களுக்குத் தெரியும். நம்மூர் சுப்ரபாரதிமணியனை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவைப் பற்றி ‘சாயத்திரை’ நாவல் எழுதியவர். சுப்ரமணியன் என்ற சொந்தப் பெயரைப் பிளந்து நடுவில் பாரதியை வைத்த பெயர் அது. ஆளை மறைக்க வைத்த பெயராக இருந்தால் சொந்தப் பெயரை இரண்டு பக்கமும் தெரியும்படி விட்டிருக்கமாட்டார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபடியே வெளிப்படையாக எழுதினார். இந்த இருவருக்கும் புனைபெயர் ஓர் அடையாளம். அப்படி ஓர் அடையாளம் மட்டும் போதுமென்றால் இந்த மடலில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

சல்மாவின் சங்கதி வேறு. துவரங்குறிச்சியில் ரொக்கையா என்ற பெண் வீட்டுக்குள் இருந்துகொண்டு எழுதினார். புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. ராத்திரியில் ஒளிந்து எழுதியதை அம்மாவின் கைவழியாக வெளியே அனுப்பினார். ‘சல்மா’ என்ற பெயர் வாசகர்களிடமிருந்து மறைப்பதற்கு வைத்ததல்ல. ஒரே ஒரு வீட்டிலிருந்து மறைப்பதற்கு வைத்தது. அந்த வீட்டிலிருந்து தபாலாபீசுக்குப் போகிற பாதையில் நம்பகமான ஒரே ஓர் ஆள் இருந்தார். இவ்வளவுதான் ஏற்பாடு. 2001-இல் அவர் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். இரண்டு பெயரும் வெளிச்சத்துக்கு வந்தன. 2025-இல் மாநிலங்களவைக்குப் போனபோது வேட்பாளர் பெயர் ரொக்கையா மாலிக் என்கிற கவிஞர் சல்மா என்றே வந்தது. ஒரு காலத்தில் வீட்டுக்குள் மறைத்த அந்த ‘என்கிற’வைத் தானே தேர்ந்தெடுத்த நாளில், தானே தேர்ந்தெடுத்த தாளில் அவர் எழுதினார். நம்மில் பெண்பிள்ளைகள் நினைவில் வைக்கவேண்டியது இந்த வரிசையை.

பெருமாள்முருகனை விட்டுவிட்டு இதைப் பேசமுடியாது. திருச்செங்கோடு நம் பக்கத்து ஊர். ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது, புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டுமே வாழ்வான் என்ற பொருளில் அவர் அறிவித்தார். கல்லூரிப் பதிவேட்டில் இருந்தவர் பெ. முருகன். புத்தக அட்டையில் இருந்தவர் பெருமாள்முருகன். இரண்டுக்கும் நடுவே அப்பாவின் பெயரைச் சுருக்குவதும் விரிப்பதும் மட்டுமே இருந்தது. அவர் ஒளிவதற்காக வைத்த பெயரல்ல அது, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து வந்த பிறகு இரண்டு பெயரையும் பிரிக்க முயன்றபோது அது யாரையும் தடுக்கவில்லை. ஊரைவிட்டே போகவேண்டியிருந்தது. 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அவரை மறுபடி எழுதச் சொன்னது. எழுத்தாளரை மீட்டது நீதிமன்றம்தான், பெயர் அல்ல. பிரிக்கவேண்டுமென்றால் முதல் கதைக்கு முன்னாலேயே பிரிக்கவேண்டும்.

இனி பெயர். மறைப்புக்காக வைக்கிறீர்கள் என்றால் இனிஷியல், குழந்தையின் பெயர், குலதெய்வத்தின் பெயர், பிறந்த ஊர், வாட்ஸப்பில் ஏற்கெனவே வைத்திருக்கிற செல்லப் பெயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. நம் பக்கம் குலதெய்வத்தைச் சொன்னால் கூட்டத்தையே சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தப் பெயரில் ஏற்கெனவே யாராவது எழுதுகிறார்களா என்று பாருங்கள். கூகிளில் தேடுங்கள், மாவட்ட நூலகத்தில் கேளுங்கள், இரண்டு பதிப்பகங்களின் விலைப்பட்டியலைப் புரட்டுங்கள். ‘கயல்விழி’ என்று ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தால் உங்கள் கவிதை இன்னொருத்தியின் கணக்கில் ஏறும். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்து, அதை மாற்றவே மாற்றாதீர்கள். நூலகப் பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் அங்கே இரண்டு எழுத்தாளர்கள் ஆகிவிடுவீர்கள். புனைபெயருக்கு அரசிதழில் அறிவிப்புக் கொடுக்கத் தேவையில்லை. கொடுக்கவும் கூடாது. அது பெயர் மாற்றத்துக்கான வழி. கொடுத்தால் ‘என்கிற’வை அரசாங்கமே அச்சடித்து விற்கும்.

பெயர் வைத்தாயிற்று. எங்கே ஒழுகும்? என் அனுபவத்தில் முதல் ஒழுகல் பணத்தில்தான். ஓர் இதழ் உங்களுக்கு ஐந்நூறு ரூபாய் ஜிபேயில் அனுப்பினால், அனுப்புகிறவர் திரையில் உங்கள் வங்கிப் பெயர் வரும். எந்தப் புனைபெயரும் அங்கே நிற்காது. புனைபெயருக்குச் செக் எழுதினால் வங்கி திருப்பிவிடும். பான் கார்டும் அப்படித்தான். வரிப்பிடித்தம் சட்டப்பெயரில்தான் ஏறும். பணம் எப்போதும் சட்டப்பெயருக்குத்தான் வரும் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டு, அந்தப் பெயர் தெரியவேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்: ஆசிரியர் ஒருவர், கணக்குப் பார்க்கிறவர் ஒருவர். இத்தாலியில் எலெனா ஃபெர்ரான்டே என்ற பெயரில் எழுதுகிறவர் கால் நூற்றாண்டு மறைந்திருந்தார். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் பதிப்பகத்தின் பணப் போக்கையும் வீடு வாங்கிய பதிவுகளையும் வைத்து, இவர்தான் என்று ஒரு பெண்ணின் பெயரை எழுதினார். உலகப் புகழ் பெற்ற புனைபெயரை உடைக்கவும் அவர் பார்த்த இடம் பணம்தான்.

இரண்டாவது ஒழுகல் வாய். ஜே.கே. ரௌலிங் 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒருவர் மனைவியின் தோழியிடம் சொன்னார். தோழி ட்விட்டரில் எழுதினார். மூன்று மாதத்தில் முடிந்தது. ரகசியம் காக்கக் கூலி வாங்குகிறவரின் வாய் அது. நம் லைன் வீட்டில் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை காது இருக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். அவரிடம் ‘யாரிடமும் சொல்லாதே’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘என் புருசன் கேட்டாலும், மேஸ்திரி கேட்டாலும் என்ன பதில் சொல்லுவாய்’ என்று கேட்டு, பதிலைச் சொல்லவைத்துப் பாருங்கள்.

போனும் கம்ப்யூட்டரும் அடுத்தது. புனைபெயரில் தனி ஜிமெயில் வையுங்கள். அனுப்புநர் பெயர் எப்படித் தெரிகிறது என்று வேறொரு முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். இதழுக்கு உங்கள் சொந்த நம்பரிலிருந்து பேசினால் ட்ரூகாலரில் ‘செக்கிங் அக்கா கம்பெனி’ என்று யாரோ எப்போதோ பதிந்துவைத்தது வரலாம். வேர்ட் ஃபைலுக்குள் எழுதியவர் பெயர் தானாகப் பதிந்துவிடும். அதை நீக்க `File > Info > Check for Issues > Inspect Document` என்று போகவேண்டும். டிடிபி கடையில் அடித்தால், ஃபைல் உங்கள் பெயரிலேயே அந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கும். அடுத்த நாள் உங்கள் தெருக்காரர் கல்யாணப் பத்திரிகை அடிக்க அதே நாற்காலியில் உட்காருவார். பெயரை மாற்றிச் சேமித்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அங்கேயிருந்து அழித்துவிட்டு வாருங்கள்.

இப்போது, ‘என்கிற’வை எழுதவேண்டிய ஒரே இடம். புத்தகம் போடும்போது பதிப்பாளரோடு செய்துகொள்கிற ஒப்பந்தம்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் இரண்டு பிரிவுகளைப் புனைபெயர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும். பிரிவு 54 சொல்வதன் சாரம்: புனைபெயரில் வந்த புத்தகத்தில் ஆசிரியர் யார் என்பதை ஆசிரியரும் பதிப்பாளரும் வெளிப்படையாக அறிவிக்கும் வரையிலோ, அதற்குரிய நீதிமன்றத்தில் நிறுவப்படும் வரையிலோ, உரிமை மீறல் வழக்கில் பதிப்பாளரும் உரிமையாளர் என்றே கொள்ளப்படுவார். இது நல்லது, உங்கள் முகம் காட்டாமலே திருட்டுப் பதிப்பின் மீது பதிப்பாளர் வழக்குப் போடலாம். ஆனால் திருடுகிறவரே பதிப்பாளராக இருந்தால்? உங்கள் கையில் என்ன இருக்கிறது? அப்போதுதான் அந்தத் தாள் வேண்டும்.

பிரிவு 23 காலத்தைப் பற்றியது. சொந்தப் பெயரில் எழுதினால் பதிப்புரிமை உங்கள் ஆயுள் முழுக்க இருக்கும், அதற்குமேல் 60 வருசம். புனைபெயரில் வந்து கடைசிவரை யாரென்று தெரியாமல் போனால், புத்தகம் வெளிவந்ததிலிருந்து 60 வருசம் மட்டுமே. கணக்கு அடுத்த வருசம் ஜனவரியில் தொடங்கும். உங்களுக்கு இப்போது 30 வயது, புத்தகம் 2026-இல் வருகிறது என்று வையுங்கள். வெளிப்படவே இல்லையென்றால் 2086 டிசம்பரோடு உரிமை முடியும். நீங்கள் 75 வயதில், 2071-இல் இறந்து, 2086 முடிவதற்குள் உங்கள் அடையாளம் வெளிப்பட்டிருந்தால் உரிமை 2131 டிசம்பர் வரை நீளும். நடுவில் 45 வருசம். பேரன் பேத்திகளுக்குப் போகவேண்டிய உரிமை ஒரு தாள் இல்லாததால் அறுந்துபோகும்.

அந்தத் தாளில் என்ன இருக்கவேண்டும்? ஆதாரிலும் பானிலும் உள்ளபடி உங்கள் பெயர், ‘என்கிற’, புனைபெயர், புத்தகத்தின் தலைப்பு, தேதி. பதிப்புரிமை உங்களுடையது என்ற ஒரு வரி. உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல், நீதிமன்றம் கேட்டாலொழிய, சட்டப்பெயரை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி. இதை விளம்பரத்துக்கும் விருது விண்ணப்பத்துக்கும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் விருதுப் படிவங்களில் முகவரியும் புகைப்படமும் கேட்பார்கள், பதிப்பாளர் சந்தோசத்தில் பூர்த்தி செய்து அனுப்பிவிடுவார். உங்களுக்குப் பிறகு யார் அறிவிக்கலாம் என்று ஒரு வரி. கையெழுத்து சட்டப்பெயரில். இரண்டு பிரதி. உங்கள் பிரதி ஒட்டிய உறையில், நீங்கள் ரகசியத்தைச் சொன்ன அந்த ஒரே ஆளிடம். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பதிவு கட்டாயமில்லை. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம் என்பதை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சட்டத்தின் முன் புனைபெயர் சுவர் ஆகாது. ஒரு முதலாளியைப் பற்றிப் பொய் எழுதினால் அவதூறு வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 356. நீதிமன்றம் கேட்டால் பதிப்பாளர் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மத்திய அரசு வேலைக்குப் போன தம்பிகள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: 1964-ஆம் வருச நடத்தை விதிகளில் அரசை விமர்சிப்பது பற்றிய 9-ஆவது விதி, சொந்தப் பெயர், புனைபெயர், பெயரில்லாமல் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. புனைபெயர் தடுக்கிறது மேஸ்திரியை, பங்காளியை, பக்கத்து வீட்டை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. வேலை போன பிறகும் அதே பெயரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சூப்பர்வைசருக்குத் தெரியும்; என் மாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

உங்களில் ஏற்கெனவே புனைபெயரில் புத்தகம் போட்டுவிட்டு, வாய்ப்பேச்சில் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருக்கிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை லீவில் அந்தத் தாளை எழுதுங்கள். பதிப்பாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
திருப்பூர்